ஃப்ரீலான்சருக்கு அட்வான்ஸ் டேக்ஸ்: ஜூன்ல போட்ட கணக்கு டிசம்பர்ல மாறிட்டா என்ன பண்றது

2025 ஜூன் ரெண்டாவது வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஃப்ரீலான்சா கன்டென்ட் ரைட்டிங், மொழிபெயர்ப்புன்னு பண்ணிட்டிருக்கா. "அண்ணா, டேக்ஸ் எல்லாம் ரிட்டர்ன் போடறப்ப மொத்தமா கட்டிக்கலாம்ல, எதுக்கு பதினஞ்சாம் தேதிக்குள்ள கட்டுன்னு மெசேஜ் வருது, இந்த வருஷம் ஆரம்பிச்சே ரெண்டு மாசம்தான ஆகுது, மார்ச் வரைக்கும் எவ்ளோ சம்பாதிப்பேன்னு எனக்கே தெரியாதே"ன்னா.

கேள்வி நியாயமானதுதான். சம்பளக்காரங்களுக்கு கம்பெனியே மாசாமாசம் பிடிச்சு கட்டிடுது, நமக்கு அப்படி யாரும் இல்ல, அதனால வருஷம் முடியறதுக்கு முன்னாடியே நாமளே ஒரு கணக்கு போட்டு நாலு தவணையா கட்டணும், அதுக்குப் பேருதான் அட்வான்ஸ் டேக்ஸ். ஜூன்ல போடற கணக்கு தப்பாத்தான் இருக்கும், அது பரவால்ல. ஒவ்வொரு தவணைக்கும் அதை திருத்திக்கிட்டே வரணும், எங்க திருத்தணும், எவ்ளோ தப்பினா வட்டி விழும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும். அவ கணக்கையே முழுசா போட்டுக் காட்டறேன், அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.

முதல்ல, உங்களுக்கு இது பொருந்துமான்னு பாருங்க

ரூல் ரொம்ப சின்னது. முழு வருஷத்துக்கும் உங்க வரி எவ்ளோன்னு போடுங்க, அதுல கிளையன்ட்ஸ் பிடிக்கிற டிடிஎஸ்ஸ கழிங்க, மிச்சம் 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல இருந்தா அட்வான்ஸ் டேக்ஸ் கட்டணும். அதுக்குக் கீழன்னா ரிட்டர்ன் போடறப்ப கட்டிக்கலாம், வட்டி இல்ல.

இங்க ஒரு பெரிய கூட்டமே தப்பிச்சிடும். டிடிஎஸ் நீங்க பில் போட்ட மொத்தத் தொகைல 10% பிடிக்கிறாங்க, ஆனா வரி நீங்க செலவு போக மிஞ்சின லாபத்துக்குத்தான். அதனால கிளையன்ட் எல்லாருமே உள்ளூர் கம்பெனிங்க, எல்லாரும் ஒழுங்கா 10% பிடிக்கிறாங்கன்னா பல பேருக்கு கட்டவேண்டியது ஒண்ணுமே இருக்காது, ரீஃபண்டு கூட வரும். பிரச்சன வர்றது வெளிநாட்டு கிளையன்ட் இருக்கறவங்களுக்கு, அவங்க இந்தியால டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க. அதே மாதிரி சின்ன சின்ன தனிநபர் கிளையன்டுகளும் பெரும்பாலும் பிடிக்க மாட்டாங்க. ஒரு விஷயம், நிஜமா பிடிச்ச டிடிஎஸ்ஸ மட்டும்தான் கழிக்கணும். "அவன் பிடிச்சிருக்கணும், பிடிக்காம முழுசா அனுப்பிட்டான்"னு சொல்லி கழிச்சுக்க முடியாது.

இன்னொரு கூட்டத்துக்கு ரூல் வேற. ஐடி, இன்ஜினியரிங், ஆர்கிடெக்சர், டாக்டர், வக்கீல், அக்கவுண்டன்சி, இன்டீரியர் டெக்கரேஷன் மாதிரி சட்டத்துல பேர் சொல்லியிருக்கற தொழில்காரங்க, வருஷ வரவு 50 லட்சத்துக்குள்ள (ரொக்கமா வாங்கினது 5%க்கு மேல போகலன்னா 75 லட்சம் வரைக்கும்) இருந்தா 44ஏடிஏங்கற பிரிவ எடுத்துக்கலாம். செலவு கணக்கே காட்டாம வரவுல பாதிய லாபம்னு சொல்லிடலாம். அவங்களுக்கு நாலு தவணை கிடையாது, மார்ச் 15க்குள்ள ஒரே தடவைல முழுசும் கட்டினா போதும். நீங்க டெவலப்பரா இருந்தா முதல்ல ஆடிட்டர்கிட்ட இதக் கேட்டுடுங்க, இந்தக் கட்டுரைல பாதி உங்களுக்குத் தேவையே படாது. எங்க பொண்ணு எழுத்து வேலை, அந்த லிஸ்ட்ல எழுத்துன்னு தனியா இல்ல, அவ ஆடிட்டரும் வேணாம்னுட்டாரு, அதனால நாலு தவணைதான்.

ஜூன் கணக்கு

கணக்கு போடறதுன்னா பெரிய எக்செல் எல்லாம் வேணாம். வரவ மூணா பிரிச்சேன். கைக்கு வந்துட்டது, எழுத்துல ஒப்பந்தம் இருக்கறது இல்லன்னா மாசாமாசம் வழக்கமா வர்றது, வரலாம்னு நினைக்கறது. மூணாவத ஜூன்ல எடுத்துக்கவே வேணாம்னுட்டேன். இது என் பழக்கம், வரலாம்கற காசுக்கு இப்பவே வரி கட்ட எனக்கு மனசு வராது, சில ஆடிட்டர்ஸ் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க.

அவளுக்கு ஒரு உள்ளூர் ஏஜென்சி மாசம் 40,000 தராங்க, மார்ச் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு, 10% பிடிச்சுட்டு 36,000 போடறாங்க. இன்னொண்ணு வெளிநாட்டு கிளையன்ட், ஏப்ரல்ல 84,000 வந்துச்சு, மே 96,000. போன வருஷமும் சராசரியா இதே அளவுதான் வந்திருக்கு, அதனால மாசம் 90,000னு வெச்சுக்கிட்டோம். செலவு, அதாவது கோவொர்க்கிங் சீட், நெட், சாஃப்ட்வேர், லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேத்து மாசம் 20,000.

ஆக வருஷத்துக்கு வரவு 15,60,000. செலவு 2,40,000. மிச்சம் 13,20,000, இதுதான் வரி போட வேண்டிய வருமானம்.

இந்த இடத்துல அவ ஒரு தப்பு பண்ணியிருந்தா, நிறைய பேர் பண்றது. சம்பளத்துல இருந்தப்ப கிடைச்ச 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன இங்கயும் கழிச்சுட்டா. அது சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் மட்டும்தான். ஃப்ரீலான்ஸ்க்கு நிஜ செலவுதான் கழிவு, பில்ல பத்திரமா வெச்சிருக்கணும். இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு, பேங்க் டெபாசிட் வட்டிய மறந்துடறது. இவளுக்கு டெபாசிட் இல்ல. உங்களுக்கு இருந்தா 13,20,000த்தோட அதையும் சேத்துக்கணும்.

இப்ப வரி. புது ரெஜிம், 2025-26க்கான ஸ்லாப். முதல் 4 லட்சத்துக்கு ஒண்ணும் இல்ல, 4லருந்து 8 வரைக்கும் 5%, அது 20,000. 8லருந்து 12 வரைக்கும் 10%, அது 40,000. 12க்கு மேல 16 வரைக்கும் 15%, இவளுக்கு அதுல 1,20,000தான் வருது, அதனால 18,000. மொத்தம் 78,000, மேல 4% செஸ் 3,120. ஆக 81,120.

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னாங்களே அண்ணா"ன்னு கேட்டா. இல்லதான், மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா. அது கழிவு இல்ல, ரிபேட். 12ஐ நல்லா தாண்டிட்டா முழு ஸ்லாபும் 4 லட்சத்துலருந்தே ஓட ஆரம்பிச்சிடும். (12ஐ கொஞ்சமா தாண்டினா ஒரு சலுகை இருக்கு, 12,50,000னு வெச்சுக்கிட்டா ஸ்லாப் கணக்குப்படி 67,500 வரணும், ஆனா தாண்டின 50,000த்துக்கு மேல வரி போடக்கூடாதுன்னு அதோட நிறுத்திக்குவாங்க, மேல செஸ் மட்டும் வரும்.) உங்க ஜூன் கணக்கு 11 லட்சம், 11.5 லட்சம்னு நிக்குதுன்னா கவனமா இருங்க, இன்னிக்கு பூஜ்யம் காட்டற கணக்கு ரெண்டு நல்ல ப்ராஜெக்ட் வந்தா அம்பதாயிரத்த தாண்டிடும்.

81,120ல ஏஜென்சி பிடிக்கிற டிடிஎஸ் 48,000த்த கழிச்சா 33,120. 10,000த்துக்கு மேல, அதனால அட்வான்ஸ் டேக்ஸ் உண்டு.

நாலு தேதியும் கூட்டுத்தொகையும்

ஜூன் 15க்குள்ள 15%, செப்டம்பர் 15க்குள்ள 45%, டிசம்பர் 15க்குள்ள 75%, மார்ச் 15க்குள்ள 100%. இதெல்லாம் அந்தத் தேதி வரைக்கும் மொத்தமா சேர்ந்திருக்க வேண்டிய அளவு. செப்டம்பர்ல தனியா 45% கட்டச் சொல்லல, ஜூன்ல கட்டினதையும் சேத்து 45% ஆகியிருக்கணும். இத தப்பா புரிஞ்சுக்கிட்டு ரெண்டாவது தவணைல அதிகமா கட்டினவங்கள பாத்திருக்கேன்.

```
இந்த தவணை = (முழு வருஷ வரி − முழு வருஷ டிடிஎஸ்) × சதவீதம் − இதுவரை கட்டினது
```

இந்த ஒரு வரிதான் எல்லாமே. முழு வருஷ வரிங்கறது ஒவ்வொரு தவணைக்கும் புதுசா போடற கணக்கு, போன தவணைக்கு போட்டத அப்படியே எடுத்து வெச்சுக்காதீங்க.

ஜூன்ல 33,120ல 15% 4,968. 5,000மா கட்டினா. 2025 ஜூன் 15 ஞாயித்துக்கிழமை, கடைசி நாள் பேங்க் லீவுன்னா அடுத்த வேலைநாள் கட்டினாலும் ஒத்துக்குவாங்க, ஆனா ஆன்லைன்ல கட்டறவங்களுக்கு அந்தக் கவலையே எதுக்கு, அவ வெள்ளிக்கிழமையே கட்டிட்டா. செப்டம்பர்லயும் எதுவும் மாறல. 33,120ல 45% 14,904, ஏற்கனவே 5,000 போயிடுச்சு, 10,000 கட்டினா. சேர்த்து 15,000.

டிசம்பர்ல கணக்கு தலைகீழா மாறுச்சு

அக்டோபர்லருந்து இன்னொரு வெளிநாட்டு கிளையன்ட் கிடைச்சாங்க. ஆறு மாச ஒப்பந்தம், மாசம் 80,000, மாச ஆரம்பத்துலயே அனுப்பிடறாங்க, டிடிஎஸ் கிடையாது. அவ சந்தோஷத்துல கேமரா ஒண்ணு புக் பண்ணப் போனா, நான்தான் இரு முதல்ல கணக்க போடுவோம்னேன்.

கூடுதல் 4,80,000. செலவு அதே. வருமானம் இப்ப 18,00,000. வரி 4-8க்கு 20,000, 8-12க்கு 40,000, 12-16க்கு 60,000, 16லருந்து 18 வரைக்கும் 20%ல 40,000. கூட்டினா 1,60,000, செஸ் 6,400. ஆக 1,66,400. டிடிஎஸ் அதே 48,000தான், ஏன்னா புது கிளையன்ட் எதுவும் பிடிக்கல. கட்ட வேண்டியது 1,18,400.

இங்க நின்னு பாருங்க. வருமானம் 13.2 லட்சத்துலருந்து 18 லட்சம், முப்பத்தாறு சதவீதம்தான் ஏறியிருக்கு. அவ கைலருந்து கட்ட வேண்டியது 33,120லருந்து 1,18,400, மூணரை மடங்குக்கும் மேல. காரணம் ரெண்டு. புதுசா வந்த காசு முழுக்க மேல் ஸ்லாப்ல போய் உக்காருது, 15, 20 சதவீதத்துல. ரெண்டாவது, பழைய வரியோட பெரும்பகுதிய ஏஜென்சியோட டிடிஎஸ் தாங்கிட்டிருந்துச்சு, புது காசுக்கு அப்படித் தாங்க யாரும் இல்ல. வருமானம் ஒன்றரை மடங்கு ஆனா வரியும் ஒன்றரை மடங்குதான ஆகும்னு நினைச்சு ஃப்ரீலான்சர்ஸ் மாட்டறது இந்த இடத்துலதான்.

இந்த 4,80,000க்கு மட்டும் கூடுதல் வரி 85,280. ஆறால வகுத்தா மாசம் 14,213. அதாவது ஒவ்வொரு 80,000 வந்து விழறப்பவும் அதுல 14,200 அவளோடது இல்ல. அத தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மாத்திடச் சொன்னேன், ஏடிஎம் கார்டு இல்லாத அக்கவுண்டு. பொதுவா வர்ற எல்லா காசுலயும் 10% எடுத்து வைன்னு சொல்லுவாங்க, அது எனக்கு அவ்வளவா பிடிக்காது. டிடிஎஸ் பிடிச்சு வர்ற காசுக்கும் பிடிக்காம வர்ற காசுக்கும் ஒரே அளவு எடுத்து வெச்சா ஒண்ணுல அதிகம் ஆகும், ஒண்ணுல பத்தாது. புதுசா வர்ற காசு எந்த ஸ்லாப்ல விழும்னு பாத்து, அந்த சதவீதம், மேல செஸ், அவ்ளோ எடுத்து வெச்சா போதும்.

டிசம்பர் தவணை 1,18,400ல 75%, 88,800. ஏற்கனவே 15,000 கட்டியாச்சு. 73,800 கட்டணும். கேமரா மார்ச்சுக்கு அப்பறம்னு ஆயிடுச்சு. டிசம்பர் 12ஆம் தேதி கட்டினா.

ஜூன்ல கம்மியா கட்டினதுக்கு வட்டி உண்டா

உண்டு. நிறைய பேருக்கு இது அநியாயமா தோணும், ஏன்னா அக்டோபர்ல வந்த கிளையன்ட ஜூன்ல எப்படித் தெரியும். ஆனா தவணை வட்டி, 234சின்னு சொல்லுவாங்க, கடைசில நீங்க ரிட்டர்ன்ல காட்டற நிஜ வரிய வெச்சுதான் பின்னாடி போய் பாக்கும். நீங்க ஜூன்ல நல்ல மனசோட போட்ட கணக்கு அதுக்குத் தெரியாது. சொத்து வித்த லாபம், டிவிடெண்ட், லாட்டரி மாதிரி முன்கூட்டி சொல்ல முடியாததுக்கு விலக்கு இருக்கு. தொழில் வருமானம் உங்களுக்கு முதல் தடவையா வருதுன்னா அதுக்கும் விலக்கு இருக்கு, வருமானம் வந்ததுக்கு அப்பறம் வர்ற தவணைகள்ல சரியா கட்டிட்டா போதும். அதனால இந்த வருஷம்தான் வேலைய விட்டு ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்சவங்க விட்டுப்போன தவணைக்காக ராத்திரி தூக்கத்த கெடுத்துக்க வேணாம். எங்க பொண்ணு பழைய ஆளு, விலக்கு இல்ல.

சரி, எவ்ளோ வட்டி? குறைஞ்ச தொகைக்கு மாசம் 1%, முதல் மூணு தவணைக்கும் மூணு மூணு மாசம், மார்ச் தவணைக்கு ஒரு மாசம். ஜூன்ல 17,760 இருந்திருக்கணும், 5,000 இருந்துச்சு, குறைவு 12,760. நூறுக்குக் கீழ விட்டுட்டு 12,700, அதுல 3% 381 ரூபாய். செப்டம்பர்ல 53,280 இருந்திருக்கணும், 15,000 இருந்துச்சு, குறைவு 38,280, நூறுக்குக் கீழ விட்டா 38,200, 3% 1,146. டிசம்பர்ல சரி பண்ணிட்டதால அங்க ஒண்ணும் இல்ல. மொத்தம் 1,527 ரூபாய். நாலே முக்கால் லட்சம் எதிர்பாராம வந்ததுக்கு இது ஒரு விலையே இல்ல.

எதுவுமே கட்டாம ஜூலைல ரிட்டர்னோட மொத்தமா கட்டியிருந்தா? நாலு தவணைக்கும் 531, 1,596, 2,664, 1,184ன்னு 5,975 ஆகும். அதோட இன்னொரு வட்டி, 234பி. மார்ச் முடியறதுக்குள்ள 90% கூட கட்டலன்னா ஏப்ரல் 1லருந்து கட்டற மாசம் வரைக்கும் மாசத்துக்கு 1%, மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்கு. ஏப்ரல்லருந்து ஜூலை நாலு மாசம், 4,736. ரெண்டும் சேத்து 10,711. 1,527 எங்க, இது எங்க.

இதுல ஒரு சின்ன சௌகரியம் இருக்கு, ஆடிட்டர்ஸ் சொல்லாம விட்டுடுவாங்க. ஜூன்ல 15% கேக்கறாங்க, ஆனா 12% இருந்தாலே வட்டி போடறதில்ல. செப்டம்பர்ல 45க்கு 36% இருந்தா போதும். அதாவது முதல் ரெண்டு தவணைலயும் உங்க கணக்கு நிஜத்த விட 20% வரைக்கும் கீழ இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த 20% வருமானத்துக்கு இல்ல, டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரிக்கு, இவ கேஸ்ல பாத்தீங்கல்ல அது எவ்ளோ வேகமா ஏறுதுன்னு. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்த சலுகை கிடையாது. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஜூன் கணக்குக்கு அரை மணி நேரம் போதும், டிசம்பர் கணக்குக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒதுக்கி உக்காந்து பண்ணுங்க.

இதுக்கு நேர்மாறா கிளையன்ட் போயிட்டா? "அண்ணா இவங்க பாதில நிறுத்திட்டாங்கன்னா கட்டினது போச்சா"ன்னு அவளும் கேட்டா. போகாது. அடுத்த தவணைக்கு புது கணக்குல சூத்திரத்த போடுங்க, மைனஸ் வந்தா அந்தத் தவணை கட்ட வேணாம். வருஷம் முடிஞ்சும் அதிகமா இருந்தா ரிட்டர்ன் போட்டதும் ரீஃபண்டா வரும்.

கூடவே சம்பள வேலையும் இருக்கறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஃப்ரீலான்ஸ் வருமானத்த கம்பெனி எச்ஆர்கிட்ட மத்த வருமானம்னு எழுதிக் குடுத்தா அதுக்கும் சேத்து சம்பளத்துலயே பிடிச்சுக்குவாங்க. டிடிஎஸ் எந்த மாசம் பிடிச்சாலும் முழு வருஷ வரிலருந்துதான் கழியும், அதனால பிப்ரவரில பிடிச்சது கூட ஜூன் தவணைய குறைக்கும். ஆபீஸ்ல சைடு வேலை தெரியக்கூடாதுன்னு இருக்கறவங்களுக்கு இது ஆகாது, அது உங்க விஷயம்.

கட்டறது எப்படி, எங்க தப்பும்

incometax.gov.in போய் முகப்புலயே இருக்கற `e-Pay Tax` தட்டுங்க, லாகின் கூட வேணாம். பான் நம்பர், மொபைல் நம்பர், ஓடிபி. அடுத்து `Income Tax`னு இருக்கற கட்டத்துல ப்ரொசீட் குடுங்க. அப்பறம் வர்ற ரெண்டு தேர்வுலதான் எல்லாரும் வழுக்கி விழறது.

முதலாவது `Assessment Year`. 2025 ஏப்ரல்லருந்து 2026 மார்ச் வரைக்கும் சம்பாதிச்சதுக்கு இங்க 2026-27 போடணும், சம்பாதிக்கற வருஷத்துக்கு அடுத்த வருஷம். நான் ஒரு ஜூன்ல அவசரத்துல சம்பாதிக்கற வருஷத்தையே அசெஸ்மென்ட் இயர்னு போட்டு கட்டிட்டேன், காசு போன வருஷக் கணக்குல போய் உக்காந்துடுச்சு. நல்லவேளை மறுநாள் காலைல ரசீத திரும்ப பாத்தேன். லாகின் பண்ணி `Challan Correction`ல போய் மாத்திட்டேன். வருஷத்த மாத்த ஏழு நாள்தான் டைம், அதத் தாண்டிட்டா உங்க ஏரியா அசெஸிங் ஆபீசருக்கு எழுதிப் போட்டு காத்திருக்கணும். (2026 ஏப்ரல் 1லருந்து புது வருமான வரிச் சட்டம் வந்துடுச்சு, அதுல அசெஸ்மென்ட் இயருக்கு பதிலா டேக்ஸ் இயர்னு ஒரே வருஷம்தான், செக்‌ஷன் நம்பர்களும் மாறிடுச்சு, நாலு தேதியும் சதவீதமும் அப்படியே இருக்கு.)

ரெண்டாவது `Type of Payment`. `Advance Tax (100)` தேர்ந்தெடுங்க. பக்கத்துலயே `Self Assessment Tax (300)` இருக்கும், அது வருஷம் முடிஞ்சு ரிட்டர்ன் சமயத்துல கட்டறதுக்கு. மார்ச் 15 தவறிட்டாலும் 31 வரைக்கும் 100தான், மார்ச் 31க்குள்ள கட்டினது எல்லாமே அட்வான்ஸ் டேக்ஸ்தான், கடைசி தவணைக்கு 1% போகும், ஏப்ரல் வட்டி தப்பிக்கும்.

தொகை போடற பக்கத்துல வரி, செஸ், வட்டின்னு பிரிச்சு கேக்கும், மண்டைய உடைச்சுக்க வேணாம், மொத்தத்தையும் `Tax` கட்டத்துல போட்டுடுவேன், இதுவரைக்கும் பிரச்சன வந்ததில்ல. நெட் பேங்கிங், யுபிஐ எதுல வேணா கட்டலாம். கட்டி முடிச்சதும் சலான் ரசீது இறக்கிக்கங்க. அதுல `BSR Code`, சலான் நம்பர், தேதி இருக்கும், ரிட்டர்ன்ல அத கேக்கும். கொஞ்ச நாள் கழிச்சு, உங்க பேர்ல கட்டின வரியும் பிடிச்ச டிடிஎஸ்ஸும் காட்டற `Form 26AS` திறந்து அந்தத் தொகை சரியான வருஷத்துல ஏறியிருக்கான்னு பாத்துடுங்க.

மார்ச் கணக்கு போடறப்ப 26AS பாத்து பதறாதீங்க. இவ பதறினா. ஏஜென்சி டிடிஎஸ் 36,000தான் காட்டுது, 48,000 எங்கன்னு. ஜனவரிலருந்து மார்ச் வரைக்கும் பிடிச்ச டிடிஎஸ்க்கு அவங்க கணக்கு தாக்கல் பண்ண மே 31 வரைக்கும் டைம் இருக்கு, அதனால மார்ச் 15 அன்னிக்கு டிசம்பர் வரைக்கும் ஒன்பது மாச 4,000தான் தெரியும். அதுக்காக 12,000 கூடுதலா கட்ட வேணாம், பேங்க் ஸ்டேட்மென்ட்ல 40,000க்கு 36,000 வந்திருக்கான்னு பாத்தா போதும். ஆனா டிசம்பருக்கு முன்னாடி பிடிச்சதே பிப்ரவரி ஆகியும் ஏறலன்னா அது வேற கதை, பிடிச்சுட்டு அரசுக்கு கட்டலன்னு அர்த்தமா இருக்கலாம், உடனே அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க.

மார்ச் 13ஆம் தேதி, 15 ஞாயிறுங்கறதால ரெண்டு நாள் முன்னாடியே, மிச்சம் 29,600 கட்டிட்டா. மொத்தம் 1,18,400 ஆயிடுச்சு. ரிட்டர்ன் ஃபார்ம்ல சலான் விவரம் எல்லாம் போட்டதும் அந்த 1,527 வட்டிய அதுவே கணக்கு பண்ணிக் காட்டும், அத மட்டும் `Self Assessment Tax (300)`ல கட்டிட்டு ரிட்டர்ன சமர்ப்பிச்சுடலாம். புது வருஷக் கணக்குக்கு அவளே ஒரு நோட்டுப் போட்டுட்டா, அந்த 80,000 கிளையன்ட் இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்களாம், ஆனா இந்த வருஷம் அது ஜூன் கணக்குலயே ஏறியாகணும், எழுத்துல ஒப்பந்தம் இருக்கே.